கண்காட்சிக்குப் பிந்திய மின்னஞ்சலில் எதை முதலில் எழுதுவது?

கேள்வி: கொழும்பில் நடந்த கண்காட்சியில் எங்கள் கறுவாவைப் பற்றி விசாரித்தவர்களுக்கு, ‘சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று எழுதி விலைப்பட்டியலையும் அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. என்ன பிழை?

பதில்: மாநாட்டு மண்டபத்தில் பல கூடங்களை ஒரே நாளில் சுற்றியவருக்கு உங்கள் நிறுவனத்தின் பெயர் நினைவில் நிற்காது, ஆனால் தாம் கேட்ட கேள்வி நிற்கும். ஆகவே முதல் வாக்கியத்தில் அவருடைய கேள்வியே வரவேண்டும். உதாரணமாக:

“வெள்ளி பிற்பகல் எங்கள் கூடத்தில், அல்பா தரக் கறுவாவைச் சிறு பொதிகளுக்கு ஏற்ப 8 சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டித் தரமுடியுமா என்று கேட்டீர்கள். முடியும். அந்த அளவில் வெட்டிய 250 கிராம் மாதிரியைப் புதன்கிழமை அனுப்பலாமா? ஆம் எனில், முகவரியை மட்டும் எழுதுங்கள்.”

இங்கே கேட்கப்படுவது ஒன்றே ஒன்று. அதற்குக் கைபேசியிலிருந்தே பதிலளிக்கலாம். ‘வசதியான நேரத்தில் பேசுவோம்’ என்றால் நாளைத் தேடும் வேலை அவர் தலையில் விழுகிறது. அவர் கேட்காத விலைப்பட்டியலும் உதவாது: பொதுச் சுற்றறிக்கையாகவே தோன்றும்.

இதற்கெல்லாம் அடிப்படை, அவர் விலகிய உடனேயே விசிட்டிங் கார்ட்டின் பின்புறத்தில் எழுதும் இரண்டு சொற்கள். (மாலையில் எழுதலாம் என்று வைத்து, இருவரின் கேள்விகளை நான் மாற்றி அனுப்பியதுண்டு.) குறிப்பே இல்லையெனில், பேசாததைப் பேசியதாக ஊகித்து எழுதாதீர்கள், எந்தத் தரம், எந்த அளவு தேவை என்று நேராகவே கேளுங்கள். மின்னஞ்சலை இரண்டு வேலைநாட்களுக்குள் அனுப்புங்கள். கூடத்தில் தருவதாகச் சொன்ன பரிசோதனை அறிக்கை தாமதமானால், அது கிடைக்கும் திகதியை அதில் குறிப்பிட்டால் போதும்.