மருத்துவர் பதில்: மாத்திரைக்கு அடங்காத உப்புசம்

கேள்வி: எனக்கு வயது 48. மாதவிடாய் இன்னும் வருகிறது. மூன்று மாதமாக வயிறு உப்புசமாகவே இருக்கிறது. நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்றாகிவிடுகிறது. அடிவயிற்றில் கனமான வலி. கேஸ்ட்ரிக் மாத்திரை போட்டால் இரண்டு நாள் தேவலை, மறுபடி பழைய கதைதான். முடி கொட்டுகிறது, கால் குடைகிறது. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த பாப் ஸ்மியர் நார்மல். என் சித்திக்கு 51 வயதில் சினைப்பைப் புற்றுநோய் வந்தது. இணையத்தில் படித்துவிட்டு நானே சிஏ 125 ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். 41 என்று வந்திருக்கிறது. பயத்தில் தூக்கமே இல்லை. எனக்கும் அதுதானா?

பதில்: முடியையும் காலையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்த வயதில் அவற்றுக்குப் பல காரணங்கள் உண்டு. நீங்கள் பயப்படும் நோய்க்கு அவை அடையாளம் இல்லை. பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான பரிசோதனை. அது நார்மல் என்பதால் சினைப்பையைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒன்றும் சொல்ல முடியாது. நிறையப் பேர் அந்தத் தாளைக் காட்டி நிம்மதி அடைகிறார்கள். அது தவறான நிம்மதி.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இரண்டு சொற்கள்தான்: ‘மூன்று மாதமாக’, ‘நாலு வாய்’.

வயிறு உப்பாத மனிதர் யாரும் இல்லை. ஆனால் வாயுவால் வரும் உப்புசம் ஏறும், இறங்கும். சாப்பிட்டதும் கூடும், மலம் கழித்தால் குறையும், காலையில் எழும்போது வயிறு தட்டையாக இருக்கும். மாதவிடாய்க்கு முன்னால் வருவது, அது வந்ததும் போய்விடும். சினைப்பையில் கோளாறு இருந்தால் வரும் உப்புசத்துக்கு இந்த ஏற்ற இறக்கம் இல்லை. காலையிலும் அப்படியே இருக்கும். வாரம் போகப் போக இடுப்புப் பக்கம் உடை இறுகும். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு எளிய கணக்கைக் கொடுத்தது. உப்புசம் அல்லது வயிறு பெருத்தல், சீக்கிரம் வயிறு நிரம்பிவிடுவது, அடிவயிற்று வலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இந்த ஒரு வருடத்துக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால், அதைச் சினைப்பையின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். பத்து வருடமாக வந்து போகும் உப்புசம் இந்தக் கணக்கில் சேராது. உங்களுடையது சேருகிறது.

இப்படி இருக்கிற பெண்களில் பெரும்பாலானவர்களுக்குப் புற்றுநோய் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் வயிற்றுக்குள் நடப்பது அப்படி. சினைப்பைகள் இடுப்புக்குழிக்குள் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருப்பவை. சுற்றிலும் இடம் தாராளம், அதனால் ஒரு கட்டி நன்றாக வளரும் வரை யாரையும் இடிக்காது. இந்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகை, பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. அங்கிருந்து உதிரும் செல்கள் வயிற்றுக்குள் இயல்பாகவே இருக்கும் கொஞ்சம் நீரில் மிதந்து மேலே போய், குடலை மூடியிருக்கும் கொழுப்புப் போர்வையில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் போர்வை தடித்து, வயிற்றில் நீரும் கோத்துக்கொண்டால் இரைப்பைக்கு விரிய இடம் இருக்காது. அப்போதுதான் நாலு வாயிலேயே வயிறு நிரம்பும். கோளாறு இரைப்பைக்குள் இல்லை, வெளியே. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை அங்கே என்ன செய்யும்?

எனக்கு மறக்காத ஒரு பெண், வயது 53, மாதவிடாய் நின்று இரண்டு வருடம். ஐந்து மாதமாகக் கேஸ்ட்ரிக் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முதலில் அவராக வாங்கியது, பிறகு ஒருவர் எழுதிக் கொடுத்தது. எண்டோஸ்கோப்பியும் ஆகியிருந்தது, ‘இரைப்பை லேசாகச் சிவந்திருக்கிறது’ என்று அறிக்கை. அப்படி எழுதாத எண்டோஸ்கோப்பி அறிக்கையை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்த ஒரு வரியில் எல்லோரும் திருப்தி அடைந்துவிட்டார்கள். என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது கண்ணில் பட்டது அவருடைய கை. வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்கு மெலிந்திருந்தது, வயிறு மட்டும் பெருத்திருந்தது. “எடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை டாக்டர்” என்றார். உடம்பில் இளைத்ததை வயிற்றில் சேர்ந்த நீர் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. படுக்க வைத்து விலாப்பக்கம் தட்டிப் பார்த்தேன். காற்று இருந்தால் முரசு மாதிரி ஒலிக்கும்; மந்தமாக ஒலித்தது. ஒருக்களித்துப் படுக்கச் சொன்னதும் அந்த மந்தம் இடம் மாறியது. அதாவது நீர். இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், இரண்டு நிமிடமும் ஒரு விரலும் போதும். ஐந்து மாதத்தில் ஒருவரும் அவரைப் படுக்க வைத்துப் பார்க்கவில்லை.

சரி, உங்கள் 41-க்கு வருவோம். யாரைக் கேட்டு அந்தப் பரிசோதனையைச் செய்தீர்கள் என்று கோபம் வருகிறது, ஆனால் செய்தாகிவிட்டது. வழக்கமாக 35 வரை இயல்பு என்கிறோம். ஆனால் சிஏ 125 என்கிற இந்த ரத்தப் புரதம் புற்றுநோய்க்கு மட்டும் ஏறுவதில்லை. மாதவிடாய் நாட்களில் ஏறும். கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருந்தால் ஏறும். கருப்பையின் உள்சவ்வு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸில் நூறைத் தாண்டியும் போகும். வயிற்றுக் காசநோயிலும் கல்லீரல் நோயிலும் ஏறும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஆரம்ப நிலையில் இருக்கும் சினைப்பைப் புற்றுநோயில் சுமார் பாதிப் பேருக்கு இது 35-க்குள்ளேயே இருக்கும். எனவே 41 பயப்பட வேண்டிய எண்ணும் இல்லை, 20 வந்திருந்தால் கொண்டாட வேண்டியதும் இல்லை. ரத்தம் கொடுத்தது மாதவிடாயின் எத்தனையாவது நாள் என்று நினைவிருந்தால் குறித்துவையுங்கள்.

அடுத்த வேலை ஸ்கேன். இந்த வாரமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உள்பரிசோதனைக்கும் தயங்காதீர்கள். ஸ்கேன் வயிற்றின் மேல் வைத்து எடுப்பதோடு நிற்கக் கூடாது. பிறப்புறுப்பு வழியாக எடுப்பதில்தான் சினைப்பை அருகில், தெளிவாகத் தெரியும். ‘கட்டி இருக்கிறதா’ என்பதோடு எங்கள் கேள்வி முடிவதில்லை. கட்டிக்குள் பல அறைகள் உண்டா, கெட்டியான பகுதி உண்டா, இரண்டு பக்கமும் இருக்கிறதா, வயிற்றில் நீர் உண்டா, வேறு இடத்தில் பரவல் தெரிகிறதா என்று ஐந்து விஷயங்களைப் பார்ப்போம். ஒன்றும் இல்லை என்றால் மதிப்பெண் 0, ஒன்று இருந்தால் 1, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 3. மாதவிடாய் வருகிறவருக்கு 1, நின்றவருக்கு 3. இவை இரண்டையும் சிஏ 125 எண்ணோடு பெருக்குவோம். 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் அனுப்புவது பல இடங்களில் வழக்கம். சில இடங்களில் 250 என்று வைத்திருக்கிறார்கள்.

அந்த 53 வயதுப் பெண்ணுக்குக் கெட்டியான பகுதியும் இருந்தது, நீரும் இருந்தது. சிஏ 125 260. மூன்றை மூன்றால் பெருக்கி, அதை 260-ஆல் பெருக்கினால் 2,340. சந்தேகத்துக்கே இடமில்லை. உங்களுக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் விடை 0. ஆனால் ஒரு பேச்சுக்கு, இரண்டு அடையாளங்கள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றை ஒன்றால் பெருக்கி, 41-ஆல் பெருக்கினால் 123. வரம்புக்குள்தான் இருக்கிறது. அப்போதும் நான் உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். மாதவிடாய் நிற்காத பெண்களிடம் இந்தக் கணக்கு சறுக்கும் இடம் அதுதான். எண் சிறியதாக இருந்தாலும் கெட்டியான பகுதி கண்ணில் பட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகத்தான் வேண்டும்.

மெல்லிய சுவரோடு, உள்ளே நீர் மட்டும் இருக்கிற 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கட்டி என்று அறிக்கை வந்தால் பதறாதீர்கள். மாதவிடாய் வருகிறவர்களுக்கு அது வரும், பெரும்பாலும் தானே போய்விடும். சந்தேகமான கட்டி என்றால் மட்டும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ‘ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் புற்றுநோயைக் குத்தினால் அது வயிறு முழுக்கச் சிந்தும். அப்படிப்பட்ட கட்டியை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும், அதையும் இந்தப் புற்றுநோயில் பழகிய அறுவை மருத்துவர் எடுக்க வேண்டும்.

ஸ்கேன் சுத்தமாக வந்து உப்புசம் மட்டும் தொடர்ந்தால் விட்டுவிடாதீர்கள். இரைப்பை, குடல் பக்கம் தேடச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் குறையவில்லை என்றாலோ கூடினாலோ மறுபடி வாருங்கள்.

சித்தியைப் பற்றி. அம்மாவின் தங்கை ஒருவருக்கு வந்தது என்பதால் உங்களுக்கும் வரும் என்று இல்லை, ஆனால் அலட்சியப்படுத்தவும் முடியாது. வீட்டில் வேறு யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்ததா என்று இரண்டு பக்கமும் விசாரியுங்கள். இந்த இரண்டு புற்றுநோய்க்கும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும். சித்தி இருக்கிறார் என்றால் மரபணுப் பரிசோதனையை முதலில் அவருக்குச் செய்வதுதான் பயன் தரும். அதற்காக வருடாவருடம் சிஏ 125 எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சம் பெண்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. அறிகுறி இல்லாதவர்களை இப்படிச் சோதித்ததால் இந்த நோயில் இறப்பு குறையவில்லை. உங்களுக்கு அறிகுறி இருக்கிறது, அதனால் உங்கள் கதை வேறு.

திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தியோடு மலமும் வாயுவும் அடைபடுவது, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் இந்த வாரம் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி மருத்துவரைப் பார்க்கும் நாள் வரை, உப்புசம் இருந்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். ‘அடிக்கடி வருகிறது டாக்டர்’ என்று சொல்வதைவிட அந்தத் தாளைக் காட்டினால் கேட்கிறவருக்குச் சட்டென்று புரியும். மூன்று மாதமாகச் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். புதிதாக ஒன்று வாங்காதீர்கள்.