சிவப்புக் குறியும் அப்பாவின் மெயிலும்

*திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். வரும் மெயிலில் பாதிக்கு மேல் சிவப்பு ஆச்சரியக்குறி. எதை முதலில் பார்ப்பது என்றே தெரியவில்லை. குறி இல்லாத மெயில் எல்லாம் தனி ஃபோல்டருக்குப் போகும்படி அவுட்லுக்கில் ரூல் போட்டுவிட்டேன், வெள்ளிக்கிழமை மொத்தமாகப் பார்ப்பேன். ஊரிலிருந்து அப்பா தன் சுகர் ரிப்போர்ட்டை அனுப்புவதும் அதில்தான் விழுகிறது. நானும் இப்போது குறி போட்டே அனுப்புகிறேன், இல்லாவிட்டால் யாரும் பதில் போடுவதில்லை. எல்லோரும் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? என்ன செய்யலாம்?*
— ஒரு வாசகர், திருப்பூர்

தம்பி, உங்கள் அப்பாவின் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறது என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

அவர் போனில் ஜிமெயிலில் இருந்துதானே அனுப்புகிறார்? அதில் அந்தச் சிவப்புக் குறியைப் போடுவதற்குப் பொத்தானே கிடையாது. அவர் நினைத்தாலும் உங்கள் ரூலைத் தாண்டி வர முடியாது. பெற்றவர் உடம்பைப் பற்றிய செய்திக்கு நீங்களே கதவைச் சாத்தி வைத்திருக்கிறீர்கள். வேலைப்பளு இதற்குச் சமாதானம் ஆகாது.

அந்தக் குறி என்பது, அனுப்புகிறவருடைய மென்பொருள் மெயிலின் தலைப்பகுதியில் எழுதிவிடும் ஓரிரு வரிகள்தான்:

```
X-Priority: 1
Importance: high
```

இதை யாரும் சரிபார்ப்பதில்லை. குப்பை மெயில் அனுப்புகிறவனும் இதே வரியை எழுதலாம். போடுகிறவருக்குக் காசு செலவில்லை, நேரம் போவது உங்களுக்குத்தான். அப்புறம் ஏன் போட மாட்டார்கள்? சிலர் பதில் வராதோ என்ற பயத்தில் போடுகிறார்கள். சிலர், பின்னால் சிக்கல் வந்தால் ‘அன்றைக்கே அவசரம் என்று சொன்னேனே’ என்று காட்டுவதற்காக, மேலாளரையும் சிசியில் வைத்துப் போடுகிறார்கள். சிலருக்குத் தாங்கள் போடுவதே தெரியாது. அவுட்லுக்கில் File > Options > Mail பகுதியில் Default Importance level என்று ஒன்று இருக்கிறது. என்றைக்கோ அதை High என்று மாற்றிவிட்டால், மதியச் சாப்பாட்டு மெயில்கூடச் சிவப்பாகத்தான் போகும். ஒரே ஆளிடமிருந்து எல்லா மெயிலும் குறியோடு வந்தால், முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குறி போட்டால்தான் பதில் என்று உங்கள் அலுவலகத்தைப் பழக்கியதில் உங்கள் ரூலுக்கும் பங்கு இருக்கிறது. குறி போட்டவருக்கு உடனே பதில், போடாதவருக்கு வெள்ளிக்கிழமை என்றால், அடுத்த வாரம் அவரும் போடத்தானே செய்வார்?

குறி போடாதவர்கள் யார் என்று பாருங்கள். வங்கி, ஷிப்பிங் லைன், வெளிநாட்டு பையர். உங்கள் தொழிலிலேயே ஒன்று சொல்கிறேன். 3-ஆம் தேதி சரக்கு கப்பலேறியது, பணத்துக்கு உறுதி சொல்லி பையரின் வங்கி தரும் எல்.சி.யில் வேறு கெடு சொல்லவில்லை என்று வையுங்கள். எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி 21 நாளுக்குள், அதாவது 24-க்குள், டாக்குமென்ட்டுகள் வங்கியில் சேர வேண்டும். 17-ஆம் தேதி திங்கட்கிழமை வங்கியிலிருந்து ஒரு மெயில்: ஷிப்பிங் லைன் தந்த சரக்கு ரசீதான பி.எல்.லில், சரக்கைப் பெறும் கன்சைனியின் பெயரில் ஓர் எழுத்து எல்.சி.யோடு ஒத்துப்போகவில்லை. குறி இல்லை. நீங்கள் பார்ப்பது 21 வெள்ளி. திருத்தித் தர வேண்டியது ஷிப்பிங் லைன், நடுவில் சனி, ஞாயிறு. திங்கட்கிழமையே கெடு. தவறினால் பையரின் வங்கி பணம் தர மறுக்கலாம், பையர் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம். அந்த வாரம் முழுக்க நீங்கள் மீட்டிங் அறை மாறிய சிவப்பு மெயில்களைப் படித்திருப்பீர்கள்.

ஆகவே அந்த ரூலை இன்றைக்கே அழியுங்கள். பிரிக்கும்போது மூன்றைப் பாருங்கள்: யார் அனுப்பியது, To-வில் உங்கள் பெயர் இருக்கிறதா வெறும் சிசியா, உள்ளே கெடு தேதி ஏதாவது இருக்கிறதா. வங்கிக்கும் ஷிப்பிங் லைனுக்கும் அனுப்புகிறவர் முகவரியை வைத்துத் தனி ஃபோல்டர் போட்டு, காலையில் முதலில் அதைத் திறங்கள். எதற்கெடுத்தாலும் குறி போடுகிறவருடைய மெயிலுக்கு, குறியைச் சாதாரணமாக்கும் ரூல் ஒன்றை அவுட்லுக்கிலேயே போடலாம். வருஷத்துக்கு ஓரிரு முறை மட்டும் குறி போடுகிறவர் இருப்பார். அவர் போட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பும்போது குறிக்குப் பதிலாகத் தலைப்பிலேயே எழுதுங்கள்: ‘பி.எல். திருத்தம் – 20-ஆம் தேதி மாலை 4 மணிக்குள் தேவை’. எதை, எப்போதுக்குள் என்பது தெரிந்தால் பதில் வரும். அதற்கும் வராவிட்டால் எழுந்து போய்க் கேளுங்கள்.

அப்பாவுக்கு எந்த ஃபோல்டரும் வேண்டாம். உங்கள் சொந்த முகவரியைக் கொடுங்கள், தினமும் ராத்திரி ஒரு போன் செய்யுங்கள். கடைசியாக வந்த ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை எவ்வளவு என்று, இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் திறந்து பாருங்கள்.