ஸ்குவாட் நின்றுபோனபோது கோச்சுக்கு நான் எழுதிய மெயில்

கேள்வி: ஆன்லைன் கோச்சுக்கு ரெண்டு வார லாக் அனுப்பணும். ஸ்குவாட் ஏறவே மாட்டேங்குது, ப்ரோகிராமை மாத்தித் தரச் சொல்லிக் கேட்கணும். மெயில்ல என்ன எழுதறது?

முதலில் செய்த செட்களை அப்படியே எழுதுங்கள். காரணத்தை நீங்களே முடிவு செய்து, அதை மட்டும் அனுப்பாதீர்கள். நான் ஒருமுறை "102.5 கிலோ எனக்கு அதிகம், எடையைக் குறைக்கலாமா சார்?" என்று ஒரே வரியில் அனுப்பினேன். "தேதியோடு எல்லா செட்டையும் அனுப்புங்க" என்று கோச் பதில் போட்டார். அப்புறம் நான் எழுதியது இது:

"சார், முதல் வாரம் திங்கள்: 100 கிலோ, ஐந்து செட், ஐந்தைந்து ரெப். ஆர்பிஇ முதல் செட்டில் 7, கடைசியில் 9. புதன்: 90 கிலோ, மூன்று செட், ஆர்பிஇ 6. வெள்ளி டெட்லிஃப்ட் செய்யவில்லை. ஊரில் கல்யாணம். அதை ஞாயிறு மாலை செய்தேன். அன்று இரவு தூக்கம் ஐந்து மணி நேரம்.

இரண்டாம் வாரம் திங்கள்: 102.5 கிலோ. முதல் செட்டே ஆர்பிஇ 8.5. நான்காவது செட்டில் நாலு ரெப்தான் வந்தது, ஐந்தாவது செட்டை விட்டுவிட்டேன். புதன்: 90 கிலோ, மறுபடி ஆர்பிஇ 6. வெள்ளி டெட்லிஃப்ட் வழக்கம்போல். செட்டுக்கு நடுவே ஓய்வு எப்போதும் மூன்று நிமிடம். முட்டி, இடுப்பில் வலி இல்லை. அடுத்த திங்கள் 102.5-ஐத் திரும்பச் செய்யவா, 100-க்கு இறங்கவா?"

ஆர்பிஇ 8 என்றால் இன்னும் இரண்டு ரெப் போட்டிருக்கலாம் என்று பொருள், 10 என்றால் ஒன்றுகூட மிச்சமில்லை. அதை முதல் செட்டுக்கும் தனியாக எழுதியதுதான் இங்கே உதவியது. முதல் செட் லேசாக இருந்து கடைசி செட்களில் மட்டும் தடுமாறினால், ஓய்வு போதவில்லையா, செட் அதிகமா என்று பார்க்கலாம். எனக்கு முதல் செட்டிலேயே கனத்தது. அதாவது ஜிம்முக்குள் நுழையும்போதே உடம்பு களைத்திருந்தது. டெட்லிஃப்ட் முடிந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, தூக்கமும் குறைவு. இரண்டே நாளில், புதனன்று, 90 கிலோ பழையபடி ஏறியதால் பலம் குறையவில்லை என்றும் தெரிந்தது.

கோச் எடையைத் தொடவில்லை. "102.5-ஐயே செய்யுங்க. டெட்லிஃப்ட் வெள்ளிக்கிழமை தவறினா அந்த வாரம் விட்டுடுங்க, ஞாயிறு வேண்டாம். முதல் செட் மறுபடி 8-ஐத் தாண்டினா நாலு செட்டோட நிறுத்திட்டு எழுதுங்க" என்றார். மூன்றாம் வாரம் ஐந்து செட்டும் முடிந்தது, முதல் செட் 7.5.

வீடியோ சேர்ப்பதானால் கனமான செட்டை, விட்ட ரெப்போடு சேர்த்து அனுப்புங்கள். போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் சாய்வாக வைத்தால் ஆழமும் தெரியும், பார் போகும் பாதையும் தெரியும். நன்றாக வந்த செட்டை மட்டும் அனுப்பினால் எங்கே உடைகிறது என்று அவரால் பார்க்க முடியாது.