எந்த எண்ணுக்கு வந்ததும் ஆர்டர் போடுவது?

கேள்வி: எல்லாச் சரக்குக்கும் குறைந்தபட்ச இருப்பு 10 என்று ஷீட்டில் போட்டிருக்கிறேன். 10-க்கு வந்ததும் ஆர்டர் கொடுக்கிறேன். ஆனாலும் சோப்பு தீர்ந்துபோகிறது, பேட்டரி தூங்குகிறது. எங்கே தவறு?

பதில்: ஒரே எண்ணை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். புதுச் சரக்கு வந்து இறங்கும்போது அலமாரியில் மிச்சம் இருக்க வேண்டியது குறைந்தபட்ச இருப்பு. ஆர்டர் கொடுக்க வேண்டிய எண் அதைவிடப் பெரியது. சரக்கு வந்துசேரும் நாட்களில் விற்பது அதில் சேர வேண்டும்.

சோப்பையே எடுத்துக்கொள்வோம். 30 நாளில் 120 விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 4 என்று எழுதிவிடாதீர்கள். அதில் ஆறு நாள் அலமாரி காலி என்றால் வகுக்க வேண்டியது 24 நாளால், நாளுக்கு 5. இதைக் கவனிக்காவிட்டால் தீர்ந்துபோன சரக்கு ஷீட்டில் மந்தமாக விற்பதுபோலத் தெரியும், இன்னும் குறைவாக வாங்குவீர்கள், மறுபடியும் தீரும். சரக்கு வர 4 நாள் என்றால் அதற்குள் 20 விற்கும். அதிகம் விற்ற நாளில் 8, தாமதமானால் 6 நாள், பெருக்கினால் 48. அதில் 20 போக மீதி 28 குறைந்தபட்ச இருப்பு, 48-ல் ஆர்டர்.

கேள்வி: 28 சோப்பு சும்மா கிடக்கவா? பணம் முடங்குமே. இந்தக் கணக்கே தப்பு.

பதில்: பாதி சரி. ஆறு நாளும் தொடர்ந்து 8 விற்று, அதே சமயம் சரக்கும் தாமதமாவது அபூர்வம். அதனால் உச்ச நாளைப் பெருக்குவதை நான் நிறுத்திவிட்டேன். விற்பனை நோட்டில் அடுத்தடுத்த ஆறு நாட்களாகக் கூட்டிப் பார்த்து, அவற்றில் பெரிய தொகையை எடுக்கிறேன். அது 38 என்றால் 38-ல் ஆர்டர், 18 குறைந்தபட்சம். நம் கடையில் இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடும் சரக்குக்கு இதைக் குறைக்க மாட்டேன். வேறு பிராண்டை வாங்கிக்கொள்வார்கள் என்றால் தாராளமாகக் குறைக்கலாம்.

கேள்வி: எங்கள் விநியோகஸ்தரின் ஆள் செவ்வாய் மட்டும்தான் ஆர்டர் எடுக்கிறார். வியாழன் சரக்கு வரும். இரண்டு நாள் என்று போட்டால் போதும்தானே?

பதில்: போதாது. செவ்வாயன்று கையில் 40, எல்லை 38; எனவே ஆர்டர் கொடுக்கவில்லை. புதனன்று எல்லைக்குக் கீழே இறங்கிவிட்டது, ஆனால் அடுத்த செவ்வாய் வரை கேட்க ஆள் இல்லை. சரக்கு வருவது அதற்கும் பிறகு வியாழனில். மொத்தம் 9 நாள். நாளுக்கு 5 என்றால் 40 சோப்பு எட்டு நாளில் தீர்ந்துவிடும். ஆகவே 9 நாளுக்கு 45, அதோடு 18, செவ்வாய்க்கான எல்லை 63. அவர் இடையில் போனில் ஆர்டர் எடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். எடுத்தால் இந்தக் கூடுதல் தேவையில்லை.

கேள்வி: நான் ஆர்டர் கொடுத்த பிறகும் ஷீட் "வாங்கு" என்றே காட்டுகிறது. அதைப் பார்த்துத் தம்பி இன்னொரு முறை ஆர்டர் கொடுத்துவிட்டான்!

பதில்: தம்பியைத் திட்டாதீர்கள், ஷீட்டில் ஒரு பத்தி குறைகிறது. C-ல் கையிருப்பு, D-ல் ஆர்டர் கொடுத்து இன்னும் வராதது, E-ல் எல்லை:

```
=IF(C2+D2<=E2,"வாங்கு","")
```

சரக்கு வந்ததும் எண்ணிப் பார்த்து, வந்ததை மட்டும் D-யிலிருந்து C-க்கு மாற்றுங்கள். 48 கேட்டு 36 வந்தால் D-யில் 12 நிற்கும். அது வராது என்று தெரிந்தால் அன்றே அழித்துவிடுங்கள். நான் ஒருமுறை அழிக்க மறந்தேன். வராத 12-ஐ நம்பி ஷீட் வாயே திறக்கவில்லை, அலமாரி காலி.

கேள்வி: ஷீட்டில் 14, அலமாரியில் 9. எல்லையை 5 கூட்டிவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: இன்று 5, அடுத்த மாதம் 9 என்று வித்தியாசம் மாறிக்கொண்டே இருக்கும். உடைந்தது, வீட்டுக்கு எடுத்தது, கடனுக்குக் கொடுத்து எழுதாமல் விட்டது என்று காரணத்தைத் தேடுங்கள். எல்லையைத் தொட்ட சரக்கை ஆர்டருக்கு முன் எண்ணிவிடுங்கள். அந்த நேரத்தில் அலமாரியில் கொஞ்சம்தான் இருக்கும், எண்ணுவதும் சுலபம்.

கேள்வி: இரண்டு மாதத்துக்கு ஒன்று விற்கும் பூட்டுக்கு என்ன எல்லை?

பதில்: அங்கே சராசரி உதவாது. நான் இரண்டு வைத்து, ஒன்று விற்றதும் ஒன்று வாங்குகிறேன். என் நண்பரோ அப்படிப்பட்டவற்றைக் கடையில் வைப்பதே இல்லை, கேட்டால் வரவழைத்துக் கொடுக்கிறார். காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் அவருக்கு வாய்த்திருக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. உங்களுக்கு எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.