காதில் சத்தம் விழுகிறது, பேச்சு புரியவில்லை: வாசகர் கேள்விகளுக்கு காது மூக்கு தொண்டை மருத்துவரின் பதில்கள்

22 வருடமாக விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 48. ஆள் பேசுவது காதில் விழுகிறது, என்ன சொல்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை. ‘பத்து’ என்றால் ‘பட்டு’ என்று கேட்கிறது.

நீங்கள் சொன்ன இந்த ஒரு உதாரணமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. செவிப்பறை அதிர்ந்து, அதன் பின்னால் உள்ள மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை நத்தைக்கூடு போன்ற காக்ளியாவுக்குள் தள்ளுகின்றன. அங்கே உள்ள திரவம் அசைய, சுமார் 15,000 மயிர்ச்செல்களின் நுனிகள் சாய்கின்றன. நுனி சாய்ந்ததும் சிறு வாசல் திறந்து பொட்டாசியம் உள்ளே பாய்கிறது. உடனே செல் அடியில் ஒரு ரசாயனத்தை விட, செவி நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்புகிறது.

காக்ளியாவின் வாசல் பக்கம் கீச்சுக்குரலுக்கு, உள்கோடி கனத்த ஒலிக்கு. தறிச் சத்தம் முதலில் கெடுப்பது வாசல் பக்கத்து செல்களை. ‘அ’, ‘உ’ போன்ற உயிரொலிகளின் பலம் கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் அவை தப்பிவிடும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மேல் ஒலிகள்தான் போகும். அதனால்தான் சத்தம் கேட்டும் சொல் புரிவதில்லை.

எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்து, 8000-இல் கோடு மறுபடி மேலே வந்தால் பெரும்பாலும் சத்தத்தால் வந்த பாதிப்பு. வயதால் வருவதில் கோடு இறங்கிக்கொண்டே போகும். போன செல் மனிதருக்கு முளைக்காது. இருப்பதைக் காக்க நாளை முதலே காதடைப்பான் போடுங்கள். பஞ்சு போதாது. பேச்சுக்குக் காது கருவி உதவும்.

குளித்ததும் ஒரு காது அடைத்துக்கொண்டது. பட்ஸ் போட்டும் சரியாகவில்லை.

குறும்பி தண்ணீரில் ஊறி உப்பியிருக்கும். அது தானாக வெளியே நகரும் பொருள், பட்ஸ்தான் அதை உள்ளே தள்ளி இறுக்குகிறது. சொட்டு மருந்தில் இளக்கி மருத்துவரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ சீழ் வடிந்தாலோ எதையும் ஊற்ற வேண்டாம்.

காலையில் எழுந்தபோது இடது காது கேட்கவில்லை, ‘கொய்ங்’ என்கிறது. வலி இல்லை. குறும்பி என்று 4 நாளாகச் சொட்டு மருந்து விடுகிறேன்.

வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால் குறும்பி மாதிரி வழியில் ஏதோ தடை. நல்ல காதுப் பக்கம் ஒதுங்கிக் கேட்டால் கோளாறு காக்ளியாவிலோ நரம்பிலோ இருக்கலாம். இது வெறும் அடையாளம்தான், விடை எதுவானாலும் இன்றைக்கே காது மருத்துவரிடம் போய் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். உள்காது திடீரென்று நின்றால் ஸ்டீராய்டு கொடுப்போம். அதற்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல காலம், அதிலும் முன்னால் உள்ள நாட்களுக்கே பலன் அதிகம். உங்களுக்கு 4 நாள் ஏற்கெனவே போய்விட்டது.