ஸ்கேனில் கண்டுபிடித்தால் ஆயுள் கூடுமா?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. 30 வருடமாக தினம் ஒரு பாக்கெட் சிகரெட். தொந்தரவு எதுவும் இல்லை. "எங்கள் ஸ்கேனில் கண்டுபிடிக்கப்பட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் மற்றவர்களைவிடப் பல வருடம் கூடுதலாக வாழ்கிறார்கள்" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். இதேபோல் மாரடைப்புக்குப் பின் ஒரு சத்து மாத்திரையை ஒரு வருடம் விடாமல் சாப்பிட்டவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று ஓர் ஆய்வைப் படித்துவிட்டு, என் அண்ணனும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். இரண்டையும் நம்பலாமா டாக்டர்?

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு ஸ்கேன் பயன்படலாம். ஆனால் அதற்கு அந்த விளம்பரம் சொல்லும் காரணம் தவறு. அண்ணனின் மாத்திரைக்குக் காட்டப்படும் ஆதாரமும் அதே மாதிரி தவறுதான். இரண்டிலும் கோளாறு ஒரே இடத்தில் இருக்கிறது: நாட்களை எந்தத் தேதியிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள் என்பதில்.

ஒருவருக்கு 67 வயதில் சளியில் ரத்தம் வருகிறது. பரிசோதித்தால் புற்றுநோய். 70 வயதில் இறந்துபோகிறார். கணக்கில் அவர் நோயோடு வாழ்ந்தது 3 வருடம். இதே மனிதர் 64 வயதிலேயே ஸ்கேன் எடுத்து நோய் தெரிந்திருந்தது, சிகிச்சை பலிக்கவில்லை, அதே 70 வயதில் இறந்தார் என்று வையுங்கள். இப்போது அவர் நோய் தெரிந்தபின் வாழ்ந்தது 6 வருடம். "ஐந்து வருடம் தாண்டியவர்கள்" பட்டியலில் அவர் பெயர் ஏறிவிடும். ஆனால் ஆயுளில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம்தான் மூன்று வருடம் நீண்டது. இதை லீட் டைம் பயாஸ் என்கிறார்கள்.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. 1970களில் அமெரிக்காவில் மேயோ நுரையீரல் ஆய்வு நடந்தது. அதிகமாகப் புகைபிடிக்கும் 9,211 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் ஆறு வருடம் செய்தார்கள். மற்ற பிரிவினரிடம் வருடத்துக்கு ஒருமுறை நீங்களே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதோடு சரி. நோய் கண்டவர்களில் ஐந்து வருடம் தாண்டியவர்களின் விகிதம் முதல் பிரிவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. விளம்பரம் எழுதுகிறவருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களை எண்ணியபோது கதை மாறியது. அடிக்கடி எக்ஸ்ரே எடுத்த பிரிவில் 122 பேர், மற்றதில் 115 பேர். இரண்டு பிரிவிலும் ஆள் எண்ணிக்கை கிட்டத்தட்ட சமம், ஆக எக்ஸ்ரே யார் உயிரையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. முதல் பிரிவில் 206 புற்றுநோய்கள் கண்டுபிடிக்கப்பட்டன, இரண்டாவதில் 160. கூடுதலாகக் கிடைத்தவற்றில் சில, வாழ்நாளில் தொந்தரவே தராமல் கிடந்திருக்கக்கூடியவை. அப்படிப்பட்டவர்கள் பட்டியலில் சேர்ந்தாலும் "நீண்ட நாள் வாழ்ந்தவர்கள்" விகிதம் ஏறத்தானே செய்யும்!

அதனால் நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணிய எந்த ஆயுள் கணக்கையும் ஸ்கேனுக்கான ஆதாரமாக நான் எடுத்துக்கொள்வதில்லை. குலுக்கல் நடந்த நாளிலிருந்து, நோய் வந்தவர் வராதவர் எல்லோரையும் சேர்த்து, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும். அந்த நாள் இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான், அதை யாரும் முன்னே இழுக்க முடியாது.

சரி, அண்ணன் விஷயம். இங்கே ஏமாற்று இன்னும் நைசானது. மாரடைப்பு வந்த 100 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வெறும் மாவு, எந்தப் பயனும் இல்லை என்று வைப்போம். முதல் வருடத்தில் 20 பேர் இறக்கிறார்கள். மீதி 80 பேரில் 40 பேர் மாத்திரையை ஒரு வருடம் முழுக்கச் சாப்பிட்டவர்கள், 40 பேர் சாப்பிடாதவர்கள். இரண்டாவது வருடத்தில் இரண்டு பக்கமும் நாலு நாலு பேர் இறக்கிறார்கள். இப்போது ஆய்வாளர் கணக்குப் போடுகிறார். "ஒரு வருடம் சாப்பிட்டவர்கள்" 40 பேரில் இறந்தது 4, அதாவது 10 சதவீதம். "மற்றவர்கள்" 60 பேரில் இறந்தது 24, அதாவது 40 சதவீதம். மாவு மாத்திரை சாவை நாலில் ஒன்றாகக் குறைத்துவிட்டது!

எங்கே தப்பு? ஒரு வருடம் சாப்பிட்டவர் பட்டியலில் சேர, ஒரு வருடம் உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த முதல் வருடத்தில் அந்தப் பக்கம் யாரும் சாகவே முடியாது. அதனால்தான் இதற்கு இம்மார்ட்டல் டைம் பயாஸ், அதாவது சாகாக் காலப் பிழை என்று பெயர். பதினோரு மாதம் ஒருவேளை விடாமல் சாப்பிட்டுவிட்டு இறந்தவர்கூட ஒரு வருடம் முடிக்காததால் "மற்றவர்கள்" பக்கம் போய்விடுவார் என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை.

பெரிய மருத்துவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் இதயமாற்று அறுவை சிகிச்சை தொடங்கிய காலத்தில், மாற்று இதயம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று எழுதினார்கள். இதயம் கிடைக்கும்வரை காத்திருந்து பிழைத்தவர்களுக்குத்தானே அறுவை சிகிச்சை நடக்கும்? காத்திருக்கும்போதே இறந்தவர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் சேர்ந்திருந்தார்கள். 1972இல் மிட்செல் கெயில் என்ற புள்ளியியலாளர் இதைச் சுட்டிக்காட்டினார்.

நம் மாவு மாத்திரைக் கணக்கைச் சரிசெய்வது சுலபம். முதல் வருடம் முடிந்த நாளில் உயிரோடு இருக்கும் 80 பேரை மட்டும் எடுத்து, அன்றிலிருந்து இரண்டு பக்கமும் எண்ணுங்கள். 40க்கு 4, 40க்கு 4. வித்தியாசம் காணாமல் போய்விடும். நிஜ வாழ்க்கையில் அப்போதும் கொஞ்சம் வித்தியாசம் மிஞ்சலாம், ஏனென்றால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் நடைப்பயிற்சி, உணவு எல்லாவற்றிலும் ஒழுங்காக இருப்பார். அண்ணன் படித்த கட்டுரையில் "ஒரு வருடம் சாப்பிட்டவர்கள்" என்று பிரித்துவிட்டு, மாரடைப்பு வந்த நாளிலிருந்தே ஆயுளை எண்ணியிருந்தால், அதை அப்படியே மடித்து வைத்துவிடலாம். மாரடைப்புக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளை மட்டும் அவர் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. அவற்றில் முக்கியமானவை குலுக்கல் முறை ஆய்வுகளில் தேறி வந்தவை.

இனி உங்கள் கணவர். எக்ஸ்ரே தோற்ற இடத்தில் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் ஜெயித்தது. அமெரிக்காவில் 53,454 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த ஸ்கேனும் மறு பிரிவுக்கு மார்பு எக்ஸ்ரேயும் வருடத்துக்கு ஒன்றாக மூன்று முறை எடுத்தார்கள். 2011இல் வந்த முடிவில், ஸ்கேன் பிரிவில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் 20 சதவீதம் குறைவு. நான் நம்புவது இந்த எண்ணை. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 55 முதல் 74 வயதுக்காரர்கள், 30 வருடம் தினம் ஒரு பாக்கெட் அல்லது அதற்கு ஈடாகப் புகைத்தவர்கள். உங்கள் கணவர் அந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகிறார்.

எடுக்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஆய்வில் சுமார் நாலில் ஒரு ஸ்கேனில் ஏதோ ஒன்று தெரிந்தது, அப்படித் தெரிந்தவற்றில் 95 சதவீதத்துக்கும் மேல் புற்றுநோய் இல்லை. "சின்னக் கட்டி மாதிரி இருக்கிறது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்று ரிப்போர்ட் வந்தால் அன்றே பயாப்சிக்கு ஓட வேண்டாம், நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். இருமல், ரத்தம், எடை குறைவு என்று எதுவும் தொடங்கினால் அது ஸ்கிரீனிங் விஷயமே இல்லை. வருட ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.