கைத்தொலைபேசியில் திறக்கும் தளம் வீட்டு இணைப்பில் ஏன் திறக்கவில்லை? (நுகர்வோர் கேள்வி-பதில்)

கேள்வி: தையற்கடைக்குச் சரிகைக் கரையும் பொத்தான்களும் ஒரு வெளிநாட்டு மொத்த விற்பனைத் தளத்தில் வாங்குகிறேன். ஐந்து வாரமாக அது வீட்டுப் பைபர் இணைப்பில் திறக்கவில்லை. வேறு நிறுவனத்தின் சிம் போட்ட கைத்தொலைபேசியில் உடனே திறக்கிறது. கணினித் திரையில் `ERR_CONNECTION_TIMED_OUT` என்று வருகிறது. சேவை நிறுவனத்தினர் ஒவ்வொரு தடவையும் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். பிழை யாருடையது? (கொக்குவில்)

பதில்: மாதக் கட்டணத்தைத் தவறாமல் கட்டிக்கொண்டு, ஐந்து வாரமாக ரவுட்டரையும் அணைத்துப் போட்டுவந்த உங்கள் பொறுமை பெரியது. இக்கடிதம் கிடைத்ததும் உங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சில சோதனைகளைச் செய்வித்தேன். அவற்றை மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

கைத்தொலைபேசியையும் கணினியையும் ஒப்பிட்டால் இணைப்பு மட்டுமன்றிக் கருவியும் மாறிவிடுகிறது. ஆகவே முதலில் கைத்தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் போட்டு, அதே மடிக்கணினியை அதனோடு இணைத்துப் பார்த்தோம். தளம் திறந்தது. கணினியிலும் உலாவியிலும் குற்றமில்லை, தளமும் உயிரோடு இருக்கிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஹொட்ஸ்பொட் போடும்போது கைத்தொலைபேசியின் வைபை அணைந்திருக்க வேண்டும். இல்லாவிடில் சில கைத்தொலைபேசிகள் வீட்டு இணைப்பையே மறுபடி பகிர்ந்து உங்களை ஏமாற்றும்.

அடுத்தது, பெயரா பாதையா என்ற கேள்வி. ஒரு தளம் திறப்பதற்கு முன் அதன் பெயரை எண்முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் சேவர். அந்த முகவரிக்குப் போய் வருவது பாதை. சேவை நிறுவனம் தன் டிஎன்எஸ் சேவரில் ஒரு பெயரை வடிகட்டினால், முகவரியே கிடைக்காது, அல்லது `0.0.0.0` போன்ற பொய்யான முகவரி கிடைக்கும். வீட்டு இணைப்பில் இருந்தபடி, கணினியின் கொமாண்ட் புரொம்ப்டில் இந்த இரண்டு வரிகளையும் தட்டச்சு செய்தோம். example.com என்ற இடத்தில் தளத்தின் பெயர் வரும்.

```
nslookup example.com
nslookup example.com 1.1.1.1
```

முதல் வரி உங்கள் நிறுவனத்தின் சேவரைக் கேட்கிறது. இரண்டாவது வெளியிலுள்ள பொதுச் சேவரைக் கேட்கிறது. உங்களுக்கு இரண்டும் ஒரே முகவரியைச் சொல்லின. கைத்தொலைபேசி இணைப்பிலும் அதே முகவரிதான் வந்தது. (சிலருக்கு முகவரிகள் வேறுபடலாம். பெரிய தளங்கள் இடத்துக்கு இடம் வேறு முகவரி கொடுப்பதுண்டு. வேறுபாட்டை மட்டும் வைத்துக் குற்றஞ்சாட்டக் கூடாது.) ஐயத்தை முற்றாகத் தீர்க்கும் சோதனை, மொபைல் இணைப்பில் வேலைசெய்த முகவரியை வீட்டு இணைப்பின் மீது வலிந்து திணிப்பது. உங்கள் தளத்தின் உண்மையான முகவரிக்குப் பதிலாக விளக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட எண்ணை இங்கே போட்டிருக்கிறேன்.

```
curl -v --resolve example.com:443:203.0.113.25 https://example.com/
```

இக்கட்டளை டிஎன்எஸ்ஸை முழுவதும் ஒதுக்கிவிட்டு நேரே அந்த முகவரிக்குப் போகிறது. தளத்தின் பக்கம் எழுத்தாக வந்து கொட்டினால் பாதை நல்லது, பெயரில்தான் வடிகட்டல் என்று முடிவுசெய்யலாம். உங்கள் திரையிலோ நெடுநேரம் ஒன்றும் வராமல், கடைசியில் `curl: (28)` என்ற காலாவதிச் செய்தி வந்தது. ஹொட்ஸ்பொட்டில் அதே கட்டளை உடனே பக்கத்தைக் கொண்டுவந்தது. ஆகவே டிஎன்எஸ் குற்றவாளியல்ல.

எஞ்சியது பாதை. வழியிலுள்ள ரவுட்டர்களை ஒவ்வொரு தரிப்பாக வரிசையிட்டுக் காட்டும் `tracert -d 203.0.113.25` என்ற கட்டளையை இரு இணைப்புகளிலும் ஓட்டினோம். வீட்டு இணைப்பில் ஏழாவது தரிப்பு வரை பதில் வந்தது, அதன் பின் முப்பது வரையும் நட்சத்திரங்களே. மொபைல் இணைப்பில் நடுவில் மூன்று வரிகள் நட்சத்திரமாக இருந்தபோதும் கடைசி வரியில் தளத்தின் முகவரி தெரிந்தது. பல ரவுட்டர்கள் இத்தகைய சோதனைக்குப் பதிலளிப்பதில்லை என்பதால் இடையிலுள்ள நட்சத்திரம் பிழையல்ல. பயணம் இறுதி முகவரியை அடைகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் அவசரப்பட்டு, ஏழாவது தரிப்புக்காரனே குற்றவாளி என்று எழுதிவிடக் கூடாது. நீங்கள் காண்பது போகும் பாதையை மட்டும். பதில் திரும்பி வரும் பாதை வேறாக இருக்கலாம். அது வழியில் தொலைந்தாலும் உங்கள் திரையில் இதே நட்சத்திரங்கள்தான் தெரியும். தளத்தின் பாதுகாப்புச் சுவர் உங்கள் முகவரியைத் தடுத்திருந்தாலும் அப்படியே தெரியும். அதனால் இரண்டு காரியங்கள் செய்தோம். ரவுட்டரைச் சிறிது நேரம் அணைத்து வைத்துப் புதிய பொது முகவரி பெற்றோம். (அணைத்துப் போடுவதில் ஒரு பயன் இருந்தது இங்கேதான்.) அப்போதும் திறக்கவில்லை. நல்லூரில் அதே நிறுவனத்தின் இணைப்புள்ள உங்கள் தங்கையின் வீட்டிலும் திறக்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டிலும் உங்கள் ஒற்றை முகவரியிலும் பிழையில்லை. சேவை நிறுவனத்துக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட பாதையில், அல்லது நிறுவனத்தின் முகவரித் தொகுதியையே தளம் தடுத்ததில் பிழை இருக்கிறது. அதற்கு மேல் வீட்டிலிருந்து பிரித்தறிய முடியாது.

எனவே இரு பக்கத்துக்கும் எழுத்தில் அனுப்பச் சொன்னேன்: சோதித்த நாளும் நேரமும், அப்போதைய உங்கள் பொது முகவரி, தளத்தின் முகவரி, 443ஆம் போர்ட், இரு இணைப்புகளின் tracert வெளியீடு. தளத்தாரிடம், அவர்களுடைய சேவரிலிருந்து உங்கள் முகவரியை நோக்கித் திருப்பி tracert ஓட்டித் தருமாறு கேட்கவும் சொன்னேன். அந்தத் திரும்புபாதை கிடைத்ததும் சேவை நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவு முதற்தடவையாக அசைந்தது. பதில்களைச் சுமந்துவந்த இடைநிலை வலையமைப்பொன்று அவற்றைக் கைவிட்டு வந்ததாம். பதினோராவது நாள் தளம் திறந்ததாக நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஐந்து வாரம் இழுத்த காரியம் இது.

கேள்வி: இதே முறைப்பாட்டுக்கு வாடிக்கையாளர் சேவையில் வேகச் சோதனை செய்யச் சொன்னார்கள். 94 வந்தது. "இணைப்பு நன்றாக உள்ளது" என்று முறைப்பாட்டை மூடிவிட்டார்கள். அவர்கள் சொல்வது சரியா? (நெல்லியடி)

பதில்: சரியல்ல. இந்த வேகச் சோதனையைப் பற்றி நான் பல தடவை எரிச்சலோடு எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். அச்சோதனை தனக்கு அருகிலுள்ள ஒரு சேவரைத் தானே தேர்ந்தெடுக்கிறது. அது பெரும்பாலும் இந்நாட்டுக்குள்ளேயே, பல வேளைகளில் சேவை நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து அந்தச் சேவர் வரையுள்ள வீதி அகலமானது என்பதை அது காட்டும். அதற்கு அப்பால் ஒரு வெளிநாட்டுத் தளத்துக்குப் போகும் வீதி உடைந்திருப்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. ஆனையிறவு வரை வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, ஆகவே கொழும்பில் பாலம் உடைந்திருக்க முடியாது என்று யாரேனும் வாதிட்டால் நாம் சிரிப்போம். முறைப்பாட்டை மூட வசதியான ஓர் எண் என்பதால் மட்டும் இதை ஆயுதமாக்கியிருக்கிறார்கள். அடுத்த அழைப்பில், முறைப்பாட்டு இலக்கத்தை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். "ஒரு குறிப்பிட்ட முகவரியின் 443ஆம் போர்ட்டை அடைய முடியவில்லை" என்ற வாக்கியத்தை அவர்கள் பதிவில் அப்படியே எழுதச் செய்யுங்கள். "இணையம் வேலைசெய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் வேகச் சோதனைதான் மீண்டும் வரும்.

கேள்வி: ஒரு தளம் திறக்கவில்லை என்று கடையில் சொன்னேன். ரவுட்டர் பழையது, இதனால்தான் என்று உறுதியாகச் சொல்லி 18,500 ரூபாய்க்குப் புதியது விற்றார்கள். தளம் இன்னும் திறக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். (சாவகச்சேரி)

பதில்: மற்ற எல்லாத் தளங்களும் திறக்க, ஒன்று மட்டும் திறக்காததற்கு ரவுட்டரின் வயது காரணமாவது மிக அரிது. நானும் சில ஆண்டுகளுக்கு முன் இதே நம்பிக்கையில் நான்கு கொம்புள்ள ரவுட்டரொன்றை 27,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பிழை தளத்தின் பாதுகாப்புச் சுவரில் இருந்தது. கொம்புகள் இப்போது பரணில் இருக்கின்றன. ஆனால் நான் என் சொந்தப் புத்தியால் வாங்கினேன்; உங்களுக்கோ பொய்க் காரணம் சொல்லி விற்றிருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதைத் தடைசெய்கிறது. பற்றுச்சீட்டையும் கடைக்காரர் சொன்ன காரணத்தையும் வைத்து, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்துமூலம் முறையிடுங்கள். அதன் 1977 என்ற இலக்கத்தில் வழிகேட்கலாம். போவதற்கு முன், பழைய ரவுட்டரிலும் புதியதிலும் அதே தளம் திறக்காததையும் ஹொட்ஸ்பொட்டில் திறப்பதையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணினியில் டிஎன்எஸ்ஸை `8.8.8.8` என மாற்றியும் தளம் திறக்கவில்லை. ஆகவே டிஎன்எஸ் தடையில்லை என்கிறார் மகன். சரியா? (மானிப்பாய்)

பதில்: மகன் பாதி தூரம்தான் வந்திருக்கிறார். சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் மறைகுறியாக்கப்படாமல் 53ஆம் போர்ட்டில் போகின்றன. வழியில் உள்ளவர், நீங்கள் யாரைக் கேட்டாலும் மறித்துத் தாமே பதில் சொல்ல முடியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழியொன்று உண்டு. டிஎன்எஸ் சேவரே இல்லாத முகவரியைக் கேளுங்கள்.

```
nslookup example.com 192.0.2.1
```

இவ்வெண் நூல்களில் எடுத்துக்காட்டுக்கென ஒதுக்கப்பட்டது. அங்கே யாரும் இல்லை. பதில் வராமல் நேரம் கடந்தால் நல்லது. முகவரியுடன் பதில் வந்தால் யாரோ இடைமறிக்கிறார்கள். சேவை நிறுவனத்தைச் சாடுவதற்கு முன் உங்கள் ரவுட்டரில் பெற்றோர் கட்டுப்பாடு இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். அதுவும் இடைமறிக்கக்கூடும், பிள்ளைகள் சிறுவராக இருந்தபோது நீங்களே போட்டு மறந்திருக்கலாம். பின்னர் உலாவியின் அமைப்பில் பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை இயக்குங்கள். அது கேள்வியை மறைகுறியாக்கி அனுப்புவதால் வழியில் மறித்துப் பொய் சொல்ல முடியாது. அதை இயக்கியதும் தளம் திறந்தால் டிஎன்எஸ் வடிகட்டல் உறுதி. அப்போதும் திறக்காவிட்டால் கொக்குவில் கடிதத்தின் curl சோதனைக்குப் போங்கள்.

கேள்வி: காணொளியொன்றைப் பார்த்து ரவுட்டரில் சில எண்களை மாற்றினேன். இப்போது ஒரு தளமும் திறக்கவில்லை. முன்பு என்ன இருந்தது என்று குறித்துவைக்கவில்லை. (சுன்னாகம்)

பதில்: குறித்துவைத்திருக்க வேண்டும். சேவை நிறுவனத்தை அழைத்து அமைப்பைத் திரும்பப் போடுவியுங்கள். பின்புறத் துளையில் ஊசியைக் குத்தாதீர்கள், பைபர் இணைப்பின் கடவுச்சொல்லும் சேர்ந்து அழியும்.

கேள்வி: இதற்கெல்லாம் தீர்வாக மூன்று ஆண்டுக்கு வீபீஎன் கட்டணம் செலுத்தலாமா? கழிவு இன்றோடு முடிகிறதாம். (பருத்தித்துறை)

பதில்: வேண்டாம். ஒரு மாதத்துக்கு எடுத்துச் சோதனைக் கருவியாகப் பயன்படுத்துங்கள்: அதன் வழியே திறந்தால் பிழை உங்கள் நிறுவனத்தின் பாதையிலோ வடிகட்டலிலோ, அல்லது தளம் உங்கள் முகவரியைத் தடுத்ததிலோ இருக்கிறது. நானும் அவ்வாறு முடியப்போகும் கழிவொன்றுக்கு மூன்று ஆண்டுக் கட்டணம் கட்டினேன். அதே கழிவு அடுத்த வாரமும் அன்றோடு முடிவதாகவே போட்டிருந்தது.